இருபத்தெட்டா, முப்பத்திரண்டா? மார்க் கோபத்தோடு வரும் பெற்றோரைச் சந்திக்க ஒரு பயிற்சி உரையாடல்

ஆசிரியர் பயிற்சிகளில் 'பெற்றோரைக் கனிவாக அணுக வேண்டும்' என்று சொல்லாத ஆள் கிடையாது. கையில் திருத்திய விடைத்தாளோடு ஒரு அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்று குரலை உயர்த்தும்போது முதல் வாக்கியம் என்ன பேசுவது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. அதைப் பழக ஒரே வழி பேசிப் பார்ப்பதுதான். அதற்கு ஒரு நடிப்பு உரையாடலும், அதை நடத்தும் முறையும் இங்கே இருக்கின்றன.

களம் கோடியக்கரை. நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் வட்டத்தின் தென்கோடியில், கடல் ஒரு பக்கம், சரணாலயக் காடு ஒரு பக்கம், வழியெல்லாம் உப்பளம் என்று இருக்கிற ஊர். மாதம் அக்டோபர். காலாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்தி வீட்டுக்குப் போகிற நேரமும், கோடியக்கரையில் மீன்பிடி சீசன் தொடங்குகிற நேரமும் ஒன்றாகவே வரும். கதையில் வரும் பள்ளியும் மனிதர்களும் கற்பனை. தேர்வின் அமைப்பு மட்டும் நிஜம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினாவில் எழுத வேண்டியது 10, ஐந்து மதிப்பெண்ணில் எழுத வேண்டியது 10, கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் 2. ஆக 100. அந்தக் கடைசி இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

மூன்று பேர் நடிக்க வேண்டும்: ஆசிரியை, அப்பா, மகள். நான்காவதாக ஒருவர் பார்வையாளர். ஆசிரியைக்கும் அப்பாவுக்கும் தனித்தனிச் சீட்டு கொடுக்கப்படும். ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்கக் கூடாது.

அப்பாவின் சீட்டில் இருப்பது: "இரவு முழுக்கக் கடலில் இருந்துவிட்டுக் காலையில் கரையேறி, தூங்காமல் நேரே பள்ளிக்கு வந்திருக்கிறீர்கள். மகள் கணக்கில் 28. பக்கத்து வீட்டுப் பையன் 61. நீங்கள் எட்டாவதோடு நின்றவர். விடைத்தாளைப் பார்த்தால் பாதிதான் புரியும், ஆனால் அதைச் சொல்ல மாட்டீர்கள். உங்கள் மனைவி உப்பளத்துக்கு விடியுமுன்பே போய்விடுகிறார். தம்பிக்குச் சோறாக்கிப் பள்ளிக்கு அனுப்புவது மகள்தான். இது ஒரு காரணம் என்று உங்களுக்கு இதுவரை தோன்றவில்லை."

ஆசிரியையின் சீட்டில்: "நீங்கள் வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். 9-ஆம் தேதிக்குள் மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இந்தப் பெண் அமைதியான பிள்ளை, முதல் பாட வேளைக்குப் பெரும்பாலும் பாதியில்தான் வருவாள், அதுதான் கணக்குப் பாடம். திருத்தியது சரி என்று நம்புகிறீர்கள்."

பயிற்சி நடத்துபவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. மேசையில் வைக்கப்போகும் விடைத்தாளில் பகுதி வாரியாக 9, 8, 11 என்று இருக்கிறது, மொத்தம் 28. ஆனால் நூல் கோத்துப் பின்னால் கட்டிய வரைபடத் தாளில் 4 மதிப்பெண் சிவப்பு மையில் போட்டிருக்கிறது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து கூட்டவில்லை. பள்ளித் தேர்வுகளில் இது அடிக்கடி நடக்கிற பிழை. கூட்டினால் 32. அப்போதும் பாஸ் இல்லை.

இந்த 32-தான் இந்தப் பயிற்சியின் உயிர். 35-க்கு மேலே போயிருந்தால் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடலாம். பிழையே இல்லாமல் 28 ஆகவே இருந்தால் விளக்கம் சொல்லி அனுப்பிவிடலாம். கோபத்தில் பாதி நியாயம், பாதி நியாயமில்லை என்கிற இடத்தில்தான் ஆசிரியர் தடுமாறுகிறார்.

இனி உரையாடல்.

அப்பா: (நின்றபடி, தாளை நீட்டி) என்ன டீச்சர் இது? இருவத்தெட்டு! எம்பொண்ணு விடிய விடியப் படிச்சிச்சு. நான் கண்ணால பாத்தேன். இருவத்தெட்டு போட்டா எப்படி?

ஆசிரியை: வாங்கண்ணே. மொதல்ல உக்காருங்க. (தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.) சொல்லுங்க, நான் கேக்குறேன்.

அப்பா: உக்கார்றதுக்கு வரல நான். பக்கத்து வீட்டுப் பய அறுவத்தொண்ணு. நாள் முழுக்க பந்து வெளையாடுற பய. எம்புள்ள இருவத்தெட்டு. அது எப்படிங்கறேன்? ட்யூஷன் வர்ற புள்ளைங்களுக்கு மட்டும் போடுறீங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நெசமா இல்லையா? இல்ல, எங்க தெருப் புள்ளைன்னா இவ்வளவுதானா? 14417-க்குப் போன் போடவா நான்?

ஆசிரியை: (முடிக்க விட்டு) அப்படி ஒரு நெனப்பு மனசுல இருந்தா கோவம் வரத்தாண்ணே செய்யும். நான் ட்யூஷன் எடுக்கல. போன் போடணும்னா போடலாம், அது உங்க உரிமை. அதுக்கு முன்னால இந்தப் பேப்பர நம்ம ரெண்டு பேருமா ஒருவாட்டி கூட்டிப் பாத்துருவமா? எனக்கும் தெரியணும்.

இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டிய விஷயங்கள் உண்டு. நாற்காலி முதலில். நம் பள்ளிகளில் பெற்றோர் நின்றுகொண்டும் ஆசிரியர் உட்கார்ந்துகொண்டும் பேசுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. நிற்கிறவருக்குக் குரல் தானாக உயரும். மேசைக்கு எதிரே போடாமல் பக்கத்தில் போடுவதற்குக் காரணம், இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்க்கப் போகிறார்கள் என்பது. அப்பா முதல் தடவை உட்கார மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். ஆசிரியை எழுந்து நின்று பேசட்டும்.

ட்யூஷன் குற்றச்சாட்டுக்கு மூன்று சொல்லில் பதில் போதும்: "நான் ட்யூஷன் எடுக்கல." நடித்துப் பார்க்கும் ஆசிரியர்களில் பலர் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள். "யார் சொன்னது? பேரைச் சொல்லுங்க" என்று கேட்ட நொடியில் பேச்சு மகளின் மார்க்கை விட்டு ஊர்ச் சண்டைக்குப் போய்விடும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணைச் சொல்லி மிரட்டும்போதும் அப்படியே. "போடுங்க, பாத்துக்கலாம்" என்பது சவால். "போடலாம், அது உங்க உரிமை" என்பது தகவல். வார்த்தை கிட்டத்தட்ட ஒன்றுதான், சொல்லும் விதம் வேறு.

அடுத்து, தாளைத் திறப்பது. பெரும்பாலான சந்திப்புகள் தாளைத் திறக்காமலேயே வாய்ச்சண்டையாக முடிகின்றன. "நான் சரியாத்தான் போட்டிருப்பேன்" என்று தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு பிழை தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மனம் வராது. அதனால்தான் நம் ஆசிரியை "எனக்கும் தெரியணும்" என்கிறார்.

ஆசிரியை: இது ஒரு மார்க் கேள்வி. பதினாலுல ஒம்போது. எழுதிக்குங்கண்ணே. (பேனாவையும் ஒரு துண்டுத் தாளையும் அப்பாவிடம் கொடுக்கிறார்.) இது ரெண்டு மார்க். இங்க ரெண்டு, இங்க ஒண்ணு, இங்க ரெண்டு... எட்டு வருது. இது அஞ்சு மார்க், பதினொண்ணு. கூட்டுங்க.

அப்பா: (கணக்கிட்டு) இருவத்தெட்டுதான்.

ஆசிரியை: பின்னாடி கிராஃப் தாள் இருக்கு. (திருப்புகிறார்.) இதுல... நாலு போட்டிருக்கேன். (நிறுத்தி, முதல் பக்கத்தைத் திரும்பப் பார்க்கிறார்.) இந்த நாலு முன்னாடி வரல. நான் கூட்ட விட்டுட்டேன். தப்பு எம்மேலதான். உங்க பொண்ணு மார்க் முப்பத்திரெண்டு. மன்னிச்சுக்குங்க.

அப்பா: (எழுந்து) பாத்தீங்களா? பாத்தீங்களா! நான் வரலன்னா?

ஆசிரியை: நீங்க வரலன்னா தெரிஞ்சிருக்காது. வந்தது நல்லதாப் போச்சு. இப்பயே உங்க முன்னாடி திருத்தி கையெழுத்து போடுறேன். பதிவேட்டுலயும் மாத்திடுறேன். எச்.எம்.கிட்டயும் நானே சொல்லிடுறேன். மத்த புள்ளைங்க கிராஃப் தாளையும் இன்னைக்கே எடுத்துப் பாத்துடுறேன். வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கலாம்.

மன்னிப்பில் 'ஆனா' வரக் கூடாது. "மன்னிச்சுக்குங்க, ஆனா நாப்பது பேப்பர் ராத்திரி உக்காந்து திருத்துறோம்" என்று சொன்னால் அப்பாவின் காதில் விழுவது பின்பாதி மட்டும். நாற்பது தாள் நிஜம்தான், வேலைப்பளு நிஜம்தான். அதை அவரிடம் சொல்லும் இடம் இதுவல்ல. பயிற்சி நடத்துபவர் பார்வையாளரிடம் ஒரு வேலை கொடுக்கலாம்: இந்த உரையாடல் முழுக்க ஆசிரியை எத்தனை முறை 'ஆனா' சொல்கிறார் என்று கோடு போட்டு எண்ணுவது. நடித்தவருக்கே அந்த எண் ஆச்சரியமாக இருக்கும்.

மற்ற பிள்ளைகளின் வரைபடத் தாளைப் பார்ப்பதாகச் சொல்வதை மரியாதைப் பேச்சாக விட்டுவிடக் கூடாது. ஒரு தாளில் விடுபட்டால் அன்று திருத்திய வரிசையில் இன்னும் சில தாள்களில் விடுபட்டிருக்க வாய்ப்புண்டு. கேட்டு வரும் அப்பா இருக்கிற பிள்ளைக்கு மட்டும் நியாயம் கிடைத்தால், ட்யூஷன் பேச்சுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது கடினமான கட்டம்.

அப்பா: (உட்காருகிறார். குரல் இறங்குகிறது.) சரி டீச்சர். முப்பத்திரெண்டு. இன்னும் மூணுதான? மூணு மார்க் போட்டா என்ன ஆயிடும்? பாஸ்னு இருந்துட்டுப் போவட்டுமே. இந்த கிராஃபுக்கு எட்டு மார்க்காம். படம் முழுசாப் போட்டிருக்கே, நாலுதான் தந்திருக்கீங்க.

ஆசிரியை: நல்ல கேள்விண்ணே. இந்தப் படத்தப் பாருங்க. புள்ளி எல்லாம் சரியா வச்சிருக்கா. ஏழு புள்ளி, ஏழும் சரி. அட்டவணையும் சரி. அதுக்குத்தான் நாலு. இப்ப புள்ளிய எப்படிச் சேத்திருக்கான்னு பாருங்க.

அப்பா: ஸ்கேல் வச்சு இழுத்திருக்கு.

ஆசிரியை: ஆமா. இது வளைஞ்சு வரணும், கிண்ணம் மாதிரி. கையால வரையணும். ஸ்கேல் வச்சதால மொட்டு மொட்டா முறிஞ்சு நிக்கிது. அப்புறம் கீழ விடை ஒரு வரி எழுதணும், கோடு எக்ஸ் அச்ச எங்க வெட்டுதுன்னு. அத எழுதல. அளவுத்திட்டம் மூலையில எழுதணும், அதும் இல்ல. இந்த மூணுக்குத்தான் நாலு போச்சு. இத ஒரு வாரத்துல சரி பண்ணிடலாம்.

அப்பா: அப்ப அந்த மூணு...

ஆசிரியை: போட மாட்டேண்ணே. போட்டா நாளைக்கு நீங்க நிம்மதியாக் கடலுக்குப் போவீங்க, அவளும் பாஸ்தானேன்னு விட்டுடுவா. பொதுத்தேர்வுல இந்தப் பேப்பர திருத்தப் போறது நான் இல்ல, வேற ஊர்ல யாரோ ஒருத்தர். அவரு ஸ்கேல் வச்ச கோட்டப் பாத்தா கொறைப்பாரு. இப்ப முப்பத்திரெண்டுன்னு இருந்தாத்தான் நமக்கு அக்டோபர்லயே தெரியும்.

மூன்று மார்க் போட்டுக் கொடுப்பது எளிது, அப்பா சந்தோஷமாகப் போவார், பள்ளித் தேர்ச்சி சதவீதமும் ஏறும். பல பள்ளிகளில் அது நடக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். என் கணிப்பில் அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற துரோகம். நான்கு மார்க் பிழையை ஒளிவில்லாமல் ஒப்புக்கொண்ட அதே ஆள்தான் மூன்று மார்க்கை மறுக்க முடியும். முந்தைய கட்டத்தில் மழுப்பியிருந்தால் இந்தக் கட்டத்தில் மறுப்பு பிடிவாதமாகத்தான் தெரியும்.

மறுப்பைச் சொன்ன விதத்தையும் கவனியுங்கள். 'ரூல்ஸ் இல்லை' என்று ஆசிரியை சொல்லவில்லை. தாளில் உள்ள ஒரு குறிப்பிட்ட கோட்டைக் காட்டினார். அப்பாவே "ஸ்கேல் வச்சு இழுத்திருக்கு" என்று சொன்னார். பாதி புரியாத தாளில் ஒரு விஷயம் அவருக்கே முழுதாகப் புரிந்தது. பெண் எதில் கெட்டிக்காரி என்பதும், ஏழு புள்ளியும் சரி என்பதும், அதே மூச்சில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

பயிற்சியில் இதோடு முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைப்பார்கள். கோபம் எங்கேயும் போகவில்லை, திசை மாறியிருக்கிறது.

அப்பா: (வாசலில் நிற்கும் மகளைப் பார்த்து) ஏ, இங்க வா. எழுதத் தெரியாம எழுதிட்டு வந்து டீச்சர் போடலன்னு சொன்னியா? ஒன்னப் படிக்க வச்சதே தப்பு. நாளைலேருந்து அம்மாவோட உப்பளத்துக்குப் போ. (கை ஓங்குகிறார்.)

ஆசிரியை: (இருவருக்கும் நடுவே வந்து) அண்ணே, வேண்டாம். இங்க யாரும் அடிக்கக் கூடாது. நானும் அடிக்க மாட்டேன், நீங்களும் வேண்டாம். (மகளிடம்) நீ உக்காரும்மா. டீச்சர் போடலன்னு நீ சொன்னது பொய் இல்ல. நாலு மார்க் நான் போடாமத்தான் விட்டிருந்தேன்.

நடிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. அப்பா ஆசிரியையை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பியதும் பலருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். சிலர் "ஆமா, கிளாஸ்லயும் கவனிக்கிறதில்ல" என்று ஒத்து ஊதிவிடுவார்கள். அன்று வீட்டில் அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதை அந்த ஒரு வாக்கியம் முடிவு செய்துவிடும். எனவே மகளாக நடிப்பவரிடம் பயிற்சி முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "எந்த வார்த்தை உனக்கு வலித்தது?" ஆசிரியரின் வார்த்தை எதையாவது அவர் சொன்னால், திரும்ப நடிக்க வேண்டும்.

ஆசிரியை: அண்ணே, ஒண்ணு கேக்கணும். காலைல மொத பீரியட் கணக்கு. பாதியிலதான் வர்றா. வீட்ல காலைல என்ன வேல இருக்கு அவளுக்கு?

அப்பா: என்ன வேல... அவ அம்மா இருட்டோட உப்பளத்துக்குப் போயிருவா. தம்பிக்குச் சோறாக்கி விட்டுட்டு வரும்.

மகள்: அவன் எந்திரிக்க மாட்டான் டீச்சர்.

ஆசிரியை: அதான். கணக்கு வராததுல்ல, கணக்குப் பாடம் கேக்காததுதான். மழை ஆரம்பிச்சா உப்பளம் வேல நிக்கும்ல? அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிக்குவோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்து நிமிஷம் ஏங்கிட்ட வரட்டும், ஒரு நாளு கிராஃப், ஒரு நாளு வடிவியல். அந்த ரெண்டும் சேந்தா பதினாறு மார்க், அதுல வடிவியல இவ தொடவே இல்ல. நீங்க மழைக்கு அப்புறமாவது மொத பீரியடுக்கு அனுப்புங்க. நீங்க கரைல எந்நேரம் இருப்பீங்க?

அப்பா: பத்து மணிக்கு மேல இருப்பேன்.

ஆசிரியை: அடுத்த மாசம் ஒரு பேப்பர் வைப்பேன். அன்னைக்குப் பத்து மணிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன், கூடினாலும் கொறஞ்சாலும்.

பெற்றோர் கூட்டம் சாயங்காலம் மூன்றரைக்கு என்று அறிவித்துவிட்டு 'மீனவப் பெற்றோர் வருவதே இல்லை' என்று குறைப்படுவது கடலோரப் பள்ளிகளில் எளிது. இரவு தொழிலுக்குப் போகிறவருக்குச் சாயங்காலம்தான் படகு கிளம்பும் நேரம். கேட்டுத் தெரிந்துகொண்டால் பத்து மணிக்கு அவர் கிடைப்பார். மற்ற ஊரில் அது நடவு நேரமாக இருக்கலாம், பூ பறிக்கிற நேரமாக இருக்கலாம்.

நடத்தும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் போதும். உரையாடலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒருமுறை வாசிக்கச் சொல்லி, பிறகு சீட்டுகளை மட்டும் கொடுத்துச் சொந்த வார்த்தையில் நடிக்க விடுங்கள். வரைபடத் தாளில் உள்ள 4 மதிப்பெண் ரகசியத்தைத் தெரிந்துகொண்டு விட்ட குழுவுக்கு வேறு பிழை வையுங்கள்: இரண்டு மார்க் வினா ஒன்று திருத்தப்படாமலே விடப்பட்டிருக்கலாம், அல்லது பிழையே இல்லாமல் இருக்கலாம். பிழை இருக்குமா என்று தெரியாத நிலையில் தாளைத் திறந்தால்தான் அது பயிற்சி.

பொதுவாக வருகிற கோளாறு ஒன்று, அப்பாவாக நடிப்பவர் சீக்கிரம் இளகிவிடுவது. சக ஆசிரியர் மேல் கோபப்படத் தயக்கமாக இருக்கும். அவரிடம், நாற்காலியும் பதிலும் கிடைத்த பிறகும் தாளைத் திறக்கும் வரை குரல் இறங்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பது. மீனவர் பேச்சை நையாண்டியாகப் பேசி நடித்தால் உடனே நிறுத்திவிட்டு, அந்த வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் சுற்று முடிந்ததும் வேடத்தை மாற்றுங்கள். வியன்னாவில் மருத்துவம் படித்த மனநல மருத்துவர் ஜேக்கப் லெவி மொரேனோ தன் நாடகச் சிகிச்சையில் கையாண்ட உத்தி இது. பின்னாளில் ஆசிரியர், செவிலியர் பயிற்சிகள் வரை பரவியது. ஆசிரியையாக நடித்தவர் அப்பாவின் இடத்தில் நின்று, தான் சற்று முன் சொன்ன வாக்கியத்தையே வேறொருவர் வாயிலிருந்து கேட்பார். "மன்னிச்சுக்குங்க, ஆனா..." எப்படிக் கேட்கிறது என்பது அப்போது விளங்கும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த உரையாடலை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடலை வயலாக்குங்கள், உப்பளத்தை மில்லாக்குங்கள், அப்பாவுக்குப் பதில் அம்மா வரட்டும், பாட்டி வரட்டும். பேச்சு உங்கள் வட்டார வழக்கில் இருக்கட்டும். 28, 32, 35 என்ற மூன்று எண்களை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள்.